ஹிப் த்ரஸ்ட்டா, ஸ்குவாட்டா? இ.எம்.ஜி. எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது எப்படி

ஜிம் தொடர்பான வீடியோக்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஹிப் த்ரஸ்ட், மறுபக்கம் ஸ்குவாட், கீழே இரண்டு பட்டைகள். ஹிப் த்ரஸ்ட்டின் பட்டை உயரமாக இருக்கும். "பிட்டத் தசை இதில்தான் அதிகம் வேலை செய்கிறது, ஆகவே இதைச் செய்தால்தான் வளரும்" என்று முடித்துவிடுவார்கள். இந்த ஒரு வரியில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டைகள் காட்டுவது இ.எம்.ஜி. எண்ணை, அதாவது தோல்மேல் எலெக்ட்ரோடு ஒட்டித் தசையின் மின் துடிப்பை அளந்து பெற்ற எண்ணை. முதல் கூற்றுக்கு இ.எம்.ஜி. ஓரளவு சாட்சி சொல்லும். இரண்டாவது கூற்றுக்கு அதனிடம் சாட்சியே இல்லை. ஏன் என்று புரிய, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் இருந்து பார்க்க வேண்டும். உடற்பயிற்சி அறிவியலோ பிசியோதெரபியோ படிக்கத் தொடங்கியவர்களுக்கும், இந்தப் படங்களை நம்பிப் பயிற்சித் திட்டம் போடும் டிரெய்னர்களுக்கும் இந்த வழிகாட்டி.

பட்டைக்கு அடியில் நடப்பது

முதுகுத்தண்டிலிருந்து ஒரு நரம்பணு தசைக்குள் இறங்கி, பல கிளைகளாகப் பிரிந்து, பல தசை நார்களைப் பிடித்திருக்கும். அந்த நரம்பணுவும் அதன் நார்களும் சேர்ந்தது ஒரு மோட்டார் யூனிட். நரம்பணு கட்டளை அனுப்பினால் அத்தனை நார்களிலும் ஒரு மின் துடிப்பு ஓடும், அதன்பின் நார்கள் சுருங்கும். தோல்மேல் ஒட்டிய எலெக்ட்ரோடு எடுப்பது இந்த மின் துடிப்புகளின் கூட்டை மட்டுமே. சுருக்கத்தையோ இழுவிசையையோ அது அளப்பதில்லை.

கூட்டு என்று சொல்வதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மேடும் பள்ளமும் உண்டு. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கட்டளை இரண்டு மடங்கானால் எண்ணும் சரியாக இரண்டு மடங்காகும் என்று அதனால்தான் எதிர்பார்க்க முடியாது. தசைக்கும் எலெக்ட்ரோடுக்கும் நடுவே இருக்கும் கொழுப்பு அடுக்கு சிக்னலை மங்கச் செய்யும். ஆழத்தில் உள்ள நார்களின் குரல் மேலே வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடும். பக்கத்துத் தசையின் சிக்னலும் கசிந்து வரும். இருவரை அருகருகே வைத்து, ஒருவருக்கு 200 மைக்ரோவோல்ட், மற்றவருக்கு 90 மைக்ரோவோல்ட் என்று பார்த்தால், முதலாமவர் தசையை நன்றாக இயக்குகிறார் என்று சொல்ல வழியில்லை. அவருடைய தோலடிக் கொழுப்பு மெல்லியதாக இருந்தாலே போதும், அந்த வித்தியாசம் வந்துவிடும்.

ஒட்டுவது

முதல் வேலை தோலைத் தயார் செய்வது. ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் மழிக்க வேண்டும். பிறகு ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முழுவதும் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பத்து நிமிட வியர்வையில் ஓரம் பெயர்ந்துவிடும்.

இடத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 1990-களின் இரண்டாம் பாதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்து வகுத்த செனியம் பரிந்துரைகள் இன்றும் பொது அளவுகோலாக இருக்கின்றன. பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மேக்ஸிமஸுக்கு அவை சொல்வது இது: ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே உள்ள திருவெலும்பிலிருந்து தொடையின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முட்டுவரை ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் சரிபாதியில் ஒட்டுங்கள். இரண்டு எலெக்ட்ரோடுகளின் மையங்களுக்கு இடையே 20 மில்லிமீட்டர் இருக்கட்டும். இரண்டும் தசை நார் ஓடும் திசையிலேயே, அதாவது இடுப்பின் பின்புற எலும்பு முனையிலிருந்து தொடையின் பின்பக்க நடுவை நோக்கிச் சாய்வாக அமையட்டும்.

இந்தத் தசைக்கு இன்னொரு தொல்லை உண்டு. படுத்த நிலையில் அழகாக ஒட்டியது, ஸ்குவாட்டின் அடியில் உட்காரும்போது தோல் இழுபட்டு ஓரம் கிளம்பும். ஆகவே ஒட்டியதும் ஆளை ஒருமுறை முழு ஆழம் உட்காரச் சொல்லி, எழுந்தபின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். மேலே ஒட்டும் டேப்பை நிமிர்ந்து நிற்கும்போது இறுக்கமாகப் போடாமல், இடுப்பைச் சற்று மடக்கி நிற்கவைத்துப் போட்டால் இழுவை குறையும். ஹிப் த்ரஸ்ட்டில் கீழே இறங்கும்போது பிட்டம் தரையைத் தொட்டால் சென்சார் இடிபடும். அந்த இடி திரையில் ஒரு பெரிய கூர்முனையாகத் தெரியும். தசையின் சிக்னல் அடர்ந்த புதர் மாதிரி இருக்கும், இடியோ தனி மரம் மாதிரி நிற்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பிறகு தப்பாது.

பதிவைத் தொடங்கும் முன் ஆளை அசையாமல் படுக்கவைத்து 10 விநாடி பாருங்கள். கோடு கிட்டத்தட்ட தட்டையாக, சில மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சீரான அலை ஓடினால் அது பெரும்பாலும் சுவரில் உள்ள மின்சாரம். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். தோலை மறுபடி துடைத்து ஒட்டுங்கள், மின்கம்பிகளைத் தள்ளி வையுங்கள். பிறகு சரியான தசையைத்தான் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க, பிட்டத்தை இறுக்கச் சொல்லுங்கள். சிக்னல் பொங்க வேண்டும். அதன்பின் பிட்டத்தைத் தளர்த்திவிட்டு முழங்காலை மட்டும் நீட்டச் சொல்லுங்கள். அப்போதும் பெரிதாகப் பொங்கினால், இடம் தவறியிருக்கலாம், அல்லது ஆள் தன்னை அறியாமல் பிட்டத்தையும் சேர்த்து இறுக்குகிறார்.

உச்ச அளவீடு: எல்லாச் சதவீதங்களும் நிற்கும் அடித்தளம்

மைக்ரோவோல்ட்டைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதால், அசையாத எதிர்ப்புக்கு எதிராக முழுப் பலத்தோடு இறுக்கச் சொல்லி ஓர் உச்ச அளவு எடுக்கிறோம். பிறகு பயிற்சியில் வந்த எண்ணை அதன் சதவீதமாகச் சொல்கிறோம். ஒவ்வொரு முயற்சியும் 3 முதல் 5 விநாடி, மொத்தம் 3 முயற்சிகள், நடுவே 2 நிமிட ஓய்வு. அவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த நிலையில் எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிட்டத் தசைக்கு இரண்டு நிலைகள் வழக்கம். ஒன்று, குப்புறப் படுத்து முழங்காலை 90 பாகை மடக்கி, இன்னொருவர் தொடையை அழுத்திப் பிடிக்க, தொடையை மேலே தூக்குவது. மற்றது, நிமிர்ந்து நின்று பிட்டத்தை முடிந்தமட்டும் இறுக்குவது. சிலருக்கு முதல் நிலையில் எண் உயரும், சிலருக்கு இரண்டாவதில். ஆகவே இரண்டையும் எடுத்து, ஒவ்வொருவருக்கும் எது பெரியதோ அதை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இதற்கெல்லாம் முன்பு ஐந்து நிமிடம் சும்மா பயிற்சி கொடுங்கள். பழக்கமில்லாதவர் முதல் முயற்சியில் தன் முழு பலத்தைக் காட்டுவது அரிது.

உச்சம் குறைவாக அளக்கப்பட்டால், பயிற்சியின் சதவீதம் ஊதிப்போகும். 100-ஐத் தாண்டிய சதவீதம் எங்கேயாவது கண்ணில் பட்டால், "அடேயப்பா, இது உச்சத்தையே மிஞ்சும் பயிற்சி" என்று வியக்க வேண்டாம். வேகமான அசைவில் ஒரு கண நேர உச்சியை எடுத்திருப்பார்கள், அல்லது உச்ச அளவீடு சரியாக எடுக்கப்படவில்லை. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பயிற்சியைப் பதிவு செய்வது, எண்ணாக்குவது

இரண்டு பயிற்சிகளை ஒப்பிட எடை சமமாக இருக்க வேண்டும் என்றால், ஒரே கிலோ என்று பொருளில்லை. ஹிப் த்ரஸ்ட்டில் பெரும்பாலானோர் ஸ்குவாட்டைவிட அதிக எடை தூக்குவார்கள். இரண்டிலும் 60 கிலோ போட்டால் ஒன்று அவருக்கு விளையாட்டாகவும் மற்றது போராட்டமாகவும் இருக்கும். ஒவ்வொன்றிலும் சரியாக 10 ரெப் மட்டுமே முடியும் எடை எதுவோ, அதை முன்பே வேறொரு நாளில் கண்டுபிடித்து வையுங்கள். வேகத்தையும் மெட்ரோனோம் வைத்துக் கட்டுங்கள்: இறங்க 2 விநாடி, ஏற 1 விநாடி. ஹிப் த்ரஸ்ட்டின் உச்சியில் ஒரு விநாடி பிடித்து நிறுத்தி, ஸ்குவாட்டில் அப்படி நிறுத்தாமல் விட்டால், சராசரி எண் ஹிப் த்ரஸ்ட் பக்கம் தானாகவே சாயும். ஒரே நாளில், எலெக்ட்ரோடைக் கழற்றாமல், போதிய ஓய்வு விட்டு இரண்டையும் எடுங்கள். யாருக்கு எது முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டாவதாக வரும் பயிற்சி எப்போதும் களைப்பைச் சுமக்கும். ஒரே எடையைத் தூக்கினாலும் களைத்த தசையில் எண் ஏறும் என்பதால் இது முக்கியம்.

மூல சிக்னல் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் ஆடும். அதை நேராகச் சராசரி எடுத்தால் பூஜ்ஜியம்தான் வரும். ஆகவே முதலில் 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டுகிறோம். கம்பி ஆட்டமும் தோல் அசைவும் பெரும்பாலும் 20-க்குக் கீழே இருக்கும். பிறகு வர்க்கம் எடுத்து, 100 மில்லிவிநாடி ஜன்னலில் சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்கிறோம். விநாடிக்கு 2000 மாதிரி எடுத்து, மூல சிக்னலை raw என்ற பெயரில் ஏற்றியிருந்தால் பைத்தானில் இவ்வளவுதான்:

```python
import numpy as np
from scipy.signal import butter, sosfiltfilt

fs = 2000
sos = butter(4, [20, 450], btype="bandpass", fs=fs, output="sos")
x = sosfiltfilt(sos, raw)
w = int(0.1 * fs)
rms = np.sqrt(np.convolve(x**2, np.ones(w) / w, mode="same"))
```

உச்ச அளவீட்டுக்கும் பயிற்சிக்கும் இதே வடிகட்டி, இதே ஜன்னல் இருக்க வேண்டும். ஒன்றுக்கு 100, மற்றதற்கு 500 மில்லிவிநாடி என்று வைத்தால் சதவீதம் பொய் சொல்லும். பிறகு ரெப்களை வெட்டி, ஏறும் கட்டத்தையும் இறங்கும் கட்டத்தையும் தனித்தனியாகச் சராசரி எடுங்கள். ஒரே எடையை இறக்கும்போது தசைக்குக் குறைந்த கட்டளையே போதும், எண்ணும் இறங்கும். இரண்டையும் கலந்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பிட்டத் தசையின் உச்சம் படுத்த நிலையில் 125 மைக்ரோவோல்ட், நின்ற நிலையில் 160. ஏறும் கட்டத்தின் சராசரி ஹிப் த்ரஸ்ட்டில் 96, ஸ்குவாட்டில் 48.

125-ஐ அடியாகக் கொண்டால் ஹிப் த்ரஸ்ட் 77 சதவீதம், ஸ்குவாட் 38. 160-ஐக் கொண்டால் 60, 30. சதவீதங்கள் மாறின. ஆனால் இரண்டு பயிற்சிகளுக்கும் இடையே உள்ள விகிதம் மாறவில்லை, இரண்டு மடங்குதான். ஒரே ஆள், ஒரே தசை, ஒரே நாள், கழற்றாத எலெக்ட்ரோடு என்றால் உச்ச அளவீட்டின் பிழை இரு பக்கமும் ஒரே அளவில் விழுந்து ஒப்பீட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. இ.எம்.ஜி.யின் மிகவும் நம்பத்தக்க ஒப்பீடு இந்த வகைதான்.

இப்போது அதே ஆளின் முன்தொடைத் தசையைச் சேர்ப்போம். அதன் உச்சம் 300, ஸ்குவாட்டில் 210, அதாவது 70 சதவீதம். பிட்டத்துக்கு 30. "ஸ்குவாட் என்பது 70 பங்கு தொடை, 30 பங்கு பிட்டம்" என்று எழுதத் தோன்றும். இந்தக் கூட்டல் தற்செயலாக 100 ஆனது. பிட்டத்தின் உச்சம் 125 என்று எடுத்திருந்தால் அது 38 ஆகியிருக்கும், பங்கீடு என்ற கதை அங்கேயே உடைந்துவிடும். ஒவ்வொரு தசையும் தன் சொந்த உச்சத்தால் வகுக்கப்படுகிறது. அந்த உச்சங்கள் எவ்வளவு முழுமையாக எடுக்கப்பட்டன என்பது தசைக்குத் தசை வேறு. தசையின் பருமனும் வேறு, மூட்டிலிருந்து அது இழுக்கும் நெம்புகோல் தூரமும் வேறு. பெரிய தசையின் 30 சதவீதம், சிறிய தசையின் 70 சதவீதத்தைவிட அதிக விசை தரலாம்.

ஹிப் த்ரஸ்ட்டில் எண் ஏன் உயர்கிறது

நன்கு பயிற்சி பெற்ற 13 பெண்களை வைத்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், 10 ரெப் எடையில் ஹிப் த்ரஸ்ட் பிட்டத் தசையின் எண்ணை ஸ்குவாட்டைவிடத் தெளிவாக உயர்த்தியது. அளவீடு பொய்யில்லை. அதற்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல்.

ஹிப் த்ரஸ்ட்டின் உச்சியில் இடுப்பு முழுவதும் நிமிர்ந்திருக்கும், பிட்டத் தசை மிகச் சுருங்கிய நீளத்தில் இருக்கும். பார்பெல் அந்த இடத்திலும் இடுப்பைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. முழங்கால் மடங்கியிருப்பதால் பின்தொடைத் தசைகளும் தளர்ந்த நீளத்தில் இருந்து அதிகம் உதவ முடியாது. சுருங்கிய தசையால் ஒரே கட்டளைக்குக் குறைந்த விசைதான் தர முடியும். அதனால் அதே சுமையைத் தாங்க, நரம்பு கட்டளையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. எண் ஏறுகிறது.

ஸ்குவாட்டில் கதை தலைகீழ். சுமை கடுமையாவது அடியில். அங்கே பிட்டத் தசை நீண்டு கிடக்கிறது. நீண்ட தசை, இழுத்த ரப்பர் மாதிரி, கட்டளை இல்லாமலே கொஞ்சம் விசை தரும். அந்த விசைக்கு மின் துடிப்பு கிடையாது, ஆகவே எலெக்ட்ரோடு அதை ஒருபோதும் பார்க்காது. இடுப்பு ஆழமாக மடங்கியிருக்கும்போது தொடையின் உட்பக்கத்துப் பெரிய தசையும் இடுப்பை நிமிர்த்தக் கைகொடுக்கிறது. நிமிர்ந்து நின்றதும் இடுப்புமேல் சுமை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. பிட்டத் தசை சுருங்கிய நீளத்தில் கடுமையாக உழைக்க ஸ்குவாட்டில் இடமே இல்லை.

இவை போதாதென்று, தசை சுருங்கித் தடிக்கும்போது அது தோலுக்கு அடியில் நகர்கிறது. எலெக்ட்ரோடு தோலோடு நிற்கிறது, தசை அதன் கீழே சறுக்குகிறது. அடியில் ஒரு தொகுதி நார்களின் மேல் இருந்த எலெக்ட்ரோடு, உச்சியில் வேறொரு தொகுதியின் மேல் இருக்கிறது. கட்டளை மாறாமலே எண் மாற இது போதும். அசையும் பயிற்சிகளில் எடுத்த இ.எம்.ஜி.யை, அசையாமல் இறுக்கும் பயிற்சியில் எடுத்ததைப் போலப் படிக்க முடியாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

வளர்ச்சிக்குப் பாலம் போட்டுப் பார்த்தபோது

எண் உயர்ந்தால் வளர்ச்சியும் உயருமா என்று நேராகச் சோதித்தவர்கள் உண்டு. 2023-ல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு நம் கேள்வியையே எடுத்துக்கொண்டது. பயிற்சி அனுபவமில்லாத இளைஞர்களில் ஒரு குழு ஹிப் த்ரஸ்ட் மட்டும், மறு குழு ஸ்குவாட் மட்டும், 9 வாரங்கள் செய்தது. முதல் பயிற்சி நாளில் இ.எம்.ஜி. எடுத்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

எதிர்பார்த்தபடி ஹிப் த்ரஸ்ட்டில் பிட்டத்தின் எண் உயரமாக இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் பிட்டத்தின் வளர்ச்சியோ இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. தனித்தனி ஆட்களை எடுத்துப் பார்த்தாலும், முதல் நாள் எண்ணை வைத்து யார் அதிகம் வளர்வார் என்று நம்பகமாகக் கணிக்க முடியவில்லை. முன்தொடையும் உட்தொடையும் ஸ்குவாட் குழுவில்தான் அதிகம் வளர்ந்தன. ஒன்பது வாரம், புதியவர்கள் என்ற வரம்பு இந்த ஆய்வுக்கு உண்டு. அனுபவசாலிகளுக்கும் இதுவே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பட்டைப் படத்தின் இரண்டாவது கூற்று, அதைச் சோதித்த இடத்தில் நிற்கவில்லை.

நீண்டு கிடக்கும் நார் இழுவிசையை உணர்கிறது, அந்த இழுவிசை வளர்ச்சிக்கான தூண்டல்களில் பெரியது. எலெக்ட்ரோடு எண்ணுவது கட்டளையை. இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எடை விஷயத்திலும் இதே இடைவெளி தெரியும். 2014-ல் லெக் பிரஸ்ஸில் ஒரு சோதனை நடந்தது. ஒருமுறை மட்டுமே தூக்க முடிந்த எடையில் 75 சதவீதத்தை வைத்தும், 30 சதவீதத்தை வைத்தும், இனி முடியாது என்னும்வரை செய்யவைத்தார்கள். இ.எம்.ஜி. எண் கனமான எடையில்தான் உயர்ந்தது. அதை மட்டும் பார்த்தால் மெல்லிய எடை வீண் என்று தோன்றும். ஆனால் முடியாத எல்லைவரை செய்யும்போது மெல்லிய எடையும் கன எடையும் தசையை ஏறத்தாழ ஒரே அளவில் வளர்க்கின்றன என்பதைப் பல நீண்ட காலச் சோதனைகள் காட்டியுள்ளன. மெல்லிய எடையில் களைத்த யூனிட்டுகள் விலகவும் புதியவை சேரவும் செய்கின்றன. மொத்தத்தில் நிறைய நார்கள் உழைக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் எல்லாம் சேர்ந்து ஒலிப்பதில்லை. எண் ஒரு கணத்தின் ஒலியைத்தான் எடுக்கிறது.

எதற்கு நம்பலாம்

தசை எப்போது இயங்கத் தொடங்கியது, எப்போது அடங்கியது என்ற நேரக் கேள்விக்கு இ.எம்.ஜி. நல்ல சாட்சி. மின் துடிப்புக்குப் பிறகுதான் விசை வரும், நடுவே சில பத்து மில்லிவிநாடி இடைவெளி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முழங்கால் அறுவைக்குப் பின் முன்தொடையை இறுக்கத் தெரியாமல் தவிப்பவருக்குத் திரையில் கோடு எழுவதைக் காட்டினால் சரியான இறுக்கத்தைக் கண்டுபிடிக்க உதவும். ஒரே தசையை, ஒரே மூட்டுக் கோணத்தில், அசையாமல் இறுக்கும்போது எண் விசையோடு ஓரளவு ஒழுங்காகவே நடக்கும். ஒரே பயிற்சியில் பாதத்தை அகட்டி வைத்தால், குறுக்கி வைத்தால் கட்டளை எப்படி மாறுகிறது என்பதையும், தசையின் நீளமும் வேகமும் அதிகம் மாறாதவரை, கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த முறை பட்டைப் படம் ஒன்று வந்தால் அதன் அடிக்குறிப்பைத் தேடுங்கள். ஒரே ஆட்களிடம் ஒரே நாளில் எடுத்ததா, எடை எப்படிச் சமன் செய்யப்பட்டது, உச்சம் எந்த நிலையில் எடுக்கப்பட்டது, பட்டை சராசரியா கண நேர உச்சியா, ஏறும் கட்டமா முழு ரெப்பா. இவை எதுவும் எழுதப்படாத படத்தை வைத்து ஒருவரின் பயிற்சித் திட்டத்திலிருந்து ஸ்குவாட்டை எடுக்காதீர்கள். எல்லாமே எழுதப்பட்டிருந்தாலும், படம் சொல்வது அந்த நாளில் அந்த இடத்துக்கு வந்த கட்டளை மட்டுமே. தசை வளர்ந்ததா என்பதற்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, எம்.ஆர்.ஐ.யிலோ அல்ட்ராசவுண்டிலோ அளந்த ஆய்வைத் தேட வேண்டும்.